திரும்பி வருபவரின் மட்டை: தலையளவு, எடை, பேலன்ஸ்

பதினைந்து, இருபது வருடம் கழித்து டென்னிஸ் ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பரணில் கிடக்கும் கல்லூரிக் காலத்து மட்டையை இறக்கித் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இல்லையென்றால் கடைக்குப் போய், இருப்பதிலேயே லேசான மட்டையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் தவறை நான் செய்தேன். இரண்டாவதை என் நண்பர் ஒருவர் செய்தார். அவருக்கு அப்போது 47 வயது. கடைக்காரர் அவரிடம் சொன்னது இது: "சார், நமக்கெல்லாம் வயசாச்சு. வெயிட் கம்மியா பாத்து எடுங்க, கைக்கு நல்லது." நண்பரும் 255 கிராம் மட்டையை எடுத்தார். மூன்றே வாரத்தில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது சுரீர் என்றது. ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. நம்பித்தான் சொன்னார். எடை குறைந்தால் கைக்குச் சுமை குறையும் என்பது யாருக்கும் தோன்றுகிற நியாயம். அந்த நியாயம் டென்னிஸ் மட்டையில் ஏன் தவறிப்போகிறது என்று புரிந்துவிட்டால், மட்டை வாங்குவதில் பாதி வேலை முடிந்தது. அதற்குத்தான் இந்த அத்தியாயம்.

மட்டையின் தண்டிலோ கழுத்திலோ பொடி எழுத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: தலையின் பரப்பு, எடை, பேலன்ஸ். கடையில் இவற்றை மூன்று தனிக் கேள்விகளாகக் கேட்கிறார்கள். ஆடும்போது கைக்கு வந்து சேருவது இரண்டு உணர்வுகள்தான். மட்டையை வீசும்போது அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது ஒன்று. பந்து வந்து மோதும்போது அது எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பது இன்னொன்று. மூன்று எண்களும் கூடித்தான் இந்த இரண்டையும் தீர்மானிக்கின்றன. வீச லேசாகவும் இருக்க வேண்டும், மோதலில் கனமாகவும் நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அது முழுதாகக் கிடைக்காது. ஓரளவு கிடைக்க வழி இருக்கிறது.

தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்

நான் ஆடத் தொடங்கியது மர மட்டையில். ஆட்டம் முடிந்ததும் அதை ஒரு மரச் சட்டத்துக்குள் வைத்து நாலு மூலையிலும் திருகாணியை முடுக்க வேண்டும். மறந்துவிட்டால் மழைக்காலத்தில் மட்டை அப்பளம் போல வளைந்துவிடும். அந்த மட்டைகளின் தலைப்பரப்பு 65 முதல் 70 சதுர அங்குலம். பந்தை நடு நரம்பில் வாங்கினால் சொர்க்கம். இரண்டு விரல் தள்ளி வாங்கினால் மட்டை கைக்குள் அப்படியே திரும்பிவிடும்.

இதை மாற்றியவர் ஹோவர்ட் ஹெட். பனிச்சறுக்குப் பலகை செய்து பெயர் வாங்கியவர். 1969-ல் அந்தக் கம்பெனியை விற்றுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் டென்னிஸ் கற்றுக்கொள்ள வந்தார். ஆட்டம் சரியாக வரவில்லை. பந்து நடுவில் படாதபோதெல்லாம் மட்டை கையில் முறுக்கிக்கொண்டது. தன்னைக் குறை சொல்லாமல் மட்டையைக் குறை சொன்ன பொறியாளர் அவர். 1976-ல் பிரின்ஸ் கம்பெனி வழியாகத் தலைப்பரப்பு 110 சதுர அங்குலம் உள்ள மட்டையைக் கொண்டுவந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1978-ல் 16 வயது பாம் ஷ்ரைவர் அந்த மட்டையோடு அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை போன பிறகு சிரிப்பு அடங்கியது.

ஹெட் பிடித்த சூட்சுமம் எளிது. தலையின் ஓரத்தில் இருக்கும் எடை, மட்டையின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப முறுக்கைத் தடுக்கிறது. அகலம் பத்து சதவீதம் கூடினால் அதே எடையிலேயே முறுக்குக்கு எதிரான பலம் இருபது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். வயது ஏறித் திரும்பி வருகிறவருக்கு இது ஏன் முக்கியம் என்றால், அவருடைய கை மறப்பதில்லை, கால்தான் மறக்கிறது. ஃபோர்ஹேண்ட் வீச்சு பத்து நாளில் திரும்பி வந்துவிடும். பந்துக்கு ஓர் அடி முன்னால் போய் நிற்கும் கால் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பந்து நடு நரம்பில் படாது. ஓரத்தில் படும் பந்தை மன்னிக்கிற தலை வேண்டும்.

அப்படியானால் 110-ஐ எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். தலை பெரிதாக ஆக நரம்பின் நீளமும் கூடுகிறது. நீளமான நரம்பு அதிகம் உள்வாங்கி, பந்தை அதிகம் தள்ளும். ஒரு காலத்தில் ஒழுங்காக முழு வீச்சு வீசிப் பழகிய கைக்கு இது ஒத்துவராது. அடிக்கிற பந்தெல்லாம் பேஸ்லைனுக்கு ஓர் அடி வெளியே போய் விழும். பிறகு அவர் என்ன செய்வார்? வீச்சைப் பாதியில் நிறுத்துவார், பந்தைத் தட்டி வைப்பார். நல்ல வீச்சு கெடுவது அங்கேதான். முழு வீச்சே இல்லாமல் தட்டி ஆடுகிறவருக்கும், அறுபது வயதுக்கு மேல் இரட்டையர் மட்டும் ஆடுகிறவருக்கும் 105, 107 பொருந்தும். அவர்களுக்கு வலையோரம் மட்டையை நீட்டினாலே பந்து திரும்பிப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது 100. அதிகம் போனால் 102 அல்லது 104. சில மட்டைகளில் இது சதுர சென்டிமீட்டரில் 645 என்று இருக்கும். பதற வேண்டாம், 645 என்பதும் 100 சதுர அங்குலம் என்பதும் ஒன்றே. 95-க்கும் 100-க்கும் நடுவில் அகலத்தில் அரை சென்டிமீட்டர் சுமார்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓரத்தில் பட்ட வாலியில் கைக்குத் தெரியும். "நான் கல்லூரி அணியில் ஆடியவன், எனக்கு 95 போதும்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். ரோஜர் ஃபெடரரே 90 சதுர அங்குலத்தை விட்டு 97-க்கு 2014-ல் மாறினார். 2017-ல் 35 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றது அந்தப் பெரிய தலையோடுதான்.

தராசு சொல்வதும் கை சொல்வதும்

எடைக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மட்டையில் அச்சிட்டிருக்கும் எடை பெரும்பாலும் நரம்பு கட்டாத வெறும் சட்டத்தின் எடை. நரம்பு 15 முதல் 18 கிராம் வரும். கைப்பிடி மேல் சுற்றும் ஓவர்கிரிப் 5 கிராம். நரம்பில் செருகும் டேம்பனர் 2 கிராம். ஆக 300 என்று அச்சிட்டிருக்கும் மட்டை ஆடும்போது 320-ஐத் தாண்டிவிடும். இருவர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் வெறும் எடையைச் சொல்ல, மற்றவர் நரம்போடு சேர்ந்த எடையைச் சொல்ல, பேச்சு வேறெங்கோ போய்விடும். பேலன்ஸும் அப்படியே. நரம்பு முழுவதும் தலைப் பக்கம் இருப்பதால், கட்டியதும் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தலையை நோக்கி நகரும்.

பேலன்ஸ் என்பது மட்டையைக் கிடையாக ஒரு புள்ளியில் தாங்கினால் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அந்த இடம். கைப்பிடியின் அடியிலிருந்து அளந்து சென்டிமீட்டரில் சொல்வார்கள். சாதாரண மட்டை 27 அங்குலம், அதாவது 68.5 சென்டிமீட்டர் நீளம். சரிபாதி 34.3. புள்ளி அதற்குக் கீழே கைப்பக்கம் இருந்தால் ஹெட் லைட், மேலே தலைப்பக்கம் இருந்தால் ஹெட் ஹெவி.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சமையலறைத் தராசு ஒன்று, உருண்டையான பேனா ஒன்று, தையல் டேப் ஒன்று போதும். மேசை மேல் பேனாவைக் குறுக்கே வைத்து, அதன் மேல் மட்டையின் கழுத்தைப் படுக்க வையுங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் ஓர் இடத்தில் மட்டை இரு பக்கமும் மேசையைத் தொடாமல் ஊசலாடும். பேனா உருளாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கைப்பிடி அடியிலிருந்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை அளந்தால் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துவரும்.

நண்பரின் முழங்கை வலிக்குப் பிறகு அவருடைய மட்டையையும் என்னுடையதையும் இப்படித்தான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அளந்தோம். அவருடையது நரம்பும் டேம்பனரும் சேர்த்து 273 கிராம். சமநிலைப் புள்ளி 37 சென்டிமீட்டரில். என்னுடையது அதே மாதிரி 318 கிராம், புள்ளி 33-ல். தராசின்படி அவருடையது 45 கிராம் லேசு. ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கிடையாக நீட்டிப் பிடித்தால், கண்ணை மூடிக்கொண்டால் எது லேசு என்று அவரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

காரணம் கணக்கில் இருந்தது. மட்டையைப் பிடிக்கும் கையின் நடுவிடம் அடியிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர். அந்த இடத்திலிருந்து அவருடைய மட்டையின் சமநிலைப் புள்ளி 27 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 273-ஐ 27-ஆல் பெருக்கினால் 7,371. என்னுடையதில் புள்ளி 23 சென்டிமீட்டர் தள்ளி. 318-ஐ 23-ஆல் பெருக்கினால் 7,314. மணிக்கட்டை முன்பக்கம் இழுக்கும் பளு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சந்தையில் தராசுக்கோலில் குண்டைத் தள்ளித் தள்ளி நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சின்னக் குண்டும் தூரத்தில் நின்றால் பெரிய மூட்டையைத் தூக்கிவிடும்.

வீச்சில் உணரும் கனத்துக்கு ஸ்விங் வெயிட் என்று தனிப் பெயரும் அளவும் உண்டு. அதில் தூரம் வர்க்கமாகப் பெருகும். அதனால் தலை நுனியில் ஒட்டிய 3 கிராம் கையில் நன்றாகத் தெரியும், கைப்பிடிக்குள் வைத்த 3 கிராம் தெரியவே தெரியாது. ஸ்விங் வெயிட்டை வீட்டில் துல்லியமாக அளப்பது சிரமம். அதனால் இங்கே மேலே சொன்ன பெருக்கலோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு மட்டைகளை ஒப்பிட அதுவே போதும்.

ஆக, லேசான மட்டை என்று அவர் வாங்கியது வீசுவதற்கு லேசாக இல்லை. சரி, வாங்கியதில் எதை இழந்தார்? மோதலில் நிற்கும் கனத்தை இழந்தார். பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை என்பது விதி. அது வேகமாக வந்து நரம்பில் மோதி, ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் திரும்பிப் போகிறது. அந்த நேரத்தில் கை மட்டையைத் தாங்கிப்பிடித்து எதுவும் செய்துவிட முடியாது. மட்டையின் சொந்த எடைதான் அடியை வாங்குகிறது. எடை குறைவான சட்டம் அதிக வேகத்தில் பின்வாங்கும். அந்த உதைப்பு கைப்பிடி வழியாக முன்னங்கைத் தசைக்கும், அது வந்து முழங்கை எலும்பில் பிடித்திருக்கும் தசைநாருக்கும் போகும். இந்த ரக லேசான மட்டைகளில் தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் தடித்த, விறைப்பான சட்டம்தான் அதிகம். அதிர்வை அது உள்வாங்காமல் கைக்கே கடத்திவிடும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஆட வரும்போது தசை சில வாரங்களில் தேறிவிடும். தசைநார் தேறுவதற்கு அதைவிட அதிக நாள் ஆகும். "கை பழகிடுச்சு" என்று வேகம் கூட்டும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் முழங்கை பிடித்துக்கொள்கிறது. வலிக்கு மட்டை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நண்பரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டில் முழங்கை முன்னால் வந்து பந்தைக் குத்தும் பழக்கமும் இருந்தது. ஆனால் அந்தப் பழக்கம் கல்லூரிக் காலத்திலும் இருந்தது, அப்போது வலி வரவில்லை. வலி இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் மட்டையை ஆராய்வதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.

இன்னொரு பக்கம் என் தவறு. பரணிலிருந்து நான் இறக்கியது, மரத்துக்குப் பிறகு வாங்கிய கிராஃபைட் மட்டை. 90 சதுர அங்குலம், நரம்போடு 345 கிராம். முதல் அரை மணி நேரம் அமிர்தமாக இருந்தது. அந்தக் கனத்தில் பந்து தானாகவே போனது, கையில் அதிர்வே இல்லை. இரண்டாவது செட்டில் ஃபோர்ஹேண்ட் எல்லாம் வலது பக்கம் டிராம்லைனுக்குள் விழத் தொடங்கின. நான் குறுக்கே அடிப்பதாக நினைத்துத்தான் அடித்தேன். மட்டை பந்துக்குப் பிந்தி வந்துகொண்டிருந்தது. வலது கைக்காரருடைய குறுக்கு ஃபோர்ஹேண்ட் நேராகவோ வலப்பக்கமாகவோ போனால், மட்டை இந்தக் கைக்கு இன்றைக்குக் கனம் என்று அர்த்தம். முழங்கை தப்பியது. தோள் தப்பவில்லை. சர்வ் போடும்போது கை தலைக்கு மேலே போகவே மறுத்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இடம் இருக்கிறது. முன்பு ஒழுங்காக ஆடிப் பழகி, நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் திரும்பி வருகிற, உடம்பில் பெரிய கோளாறு இல்லாத ஆணுக்கு நரம்பு இல்லாமல் 285 முதல் 300 கிராம். உடல்வாகு சிறிதாக இருப்பவருக்கும், பழைய தோள் காயம் உள்ளவருக்கும், பெரும்பாலான பெண்களுக்கும் 270 முதல் 285. இதற்கு மேலே 305, 310 என்று ஆசைப்படுகிறவர்கள் ஆறு மாதம் ஆடிவிட்டுப் பிறகு யோசிக்கலாம். 265-க்குக் கீழே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. எந்த எடையானாலும் பேலன்ஸ் கைப்பக்கம் இருக்கட்டும். நரம்பு இல்லாமல் 32 அல்லது 32.5, நரம்போடு 33 அல்லது 33.5. கடைசியாக ஒரு பார்வை நீளத்திலும் வையுங்கள். பெரிய தலை, குறைந்த எடை மட்டைகளில் 27 அங்குலத்தைவிட அரை அங்குலம் நீண்டவை உண்டு. நீளம் கூடினால் எடை அதே என்றாலும் வீச்சு கனக்கும்.

நண்பரின் இரண்டாவது மட்டை

முழங்கை ஆறியதும் நண்பர் வாங்கியது 100 சதுர அங்குலம், அச்சிட்ட எடை 285 கிராம். நரம்பும் ஓவர்கிரிப்பும் சேர்த்து வீட்டுத் தராசில் 306. சமநிலைப் புள்ளி 33.3. ஆடினார். வீச்சு நன்றாக இருந்தது, கை பிந்தவில்லை. ஆனால் எதிராளி வேகமாக அடித்த பந்தை வலையோரம் வாங்கும்போது மட்டை கொஞ்சம் உதறியது. முன்பைவிடப் பரவாயில்லை, இருந்தாலும் முழங்கையை நினைத்து அவருக்குப் பயம்.

புது மட்டை வாங்க வேண்டியதில்லை. கைப்பிடிக்குள் எடை சேர்த்தால் போதும். கைப்பிடியின் அடிமூடியில் பல மட்டைகளுக்குச் சின்னக் கதவு ஒன்று இருக்கும். சிறிய ஸ்குரூடிரைவரால் நெம்பினால் திறக்கும். உள்ளே வெற்றிடம். டென்னிஸ் கடைகளில் இதற்கென்று ஈயப்பட்டை விற்கிறார்கள், விலை அதிகம். எங்களுக்குக் கிடைத்தது கார் டயர் பேலன்சிங் செய்யும் கடையில். சக்கர விளிம்பில் ஒட்டுவார்களே, ஐந்து ஐந்து கிராமாகத் துண்டு போட்ட பட்டை, அதில் இரண்டு துண்டு. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். துண்டுகளைப் பஞ்சில் சுற்றி உள்ளே இறுக அடைத்து மூடினோம். தளர்வாக அடைத்தால் ஒவ்வொரு அடிக்கும் கிலுகிலுப்பை மாதிரி ஆடும். பட்டை ஈயமாக இருந்தால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மறுபடி அளந்தோம். எடை 316 கிராம். புள்ளி 32.3-க்கு இறங்கியிருந்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்தாலும் இதுவே வரும். 306-ஐ 33.3-ஆல் பெருக்கி, அடியிலிருந்து 2 சென்டிமீட்டரில் உட்கார்ந்த 10 கிராமுக்கு 20-ஐக் கூட்டி, மொத்தத்தை 316-ஆல் வகுத்தால் 32.3. இப்போது மணிக்கட்டை இழுக்கும் பளுவைப் பாருங்கள். முன்பு 306 × 23.3, அதாவது 7,130. இப்போது 316 × 22.3, அதாவது 7,047. மட்டை பத்து கிராம் கனத்துவிட்டது, கைக்கு இழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீச்சு மாறவில்லை, மோதலில் கைப்பக்கம் உதறல் குறைந்தது. பத்து கிராம் பத்தாது என்று இன்னொரு பத்தைச் சேர்த்துப் பார்த்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தலையில் உயிரே இல்லாத மாதிரி இருக்கிறது, பந்து ஆழமாகப் போகவில்லை என்றார். எடுத்துவிட்டோம்.

இந்த வித்தை எடையைக் கூட்டத்தான் உதவும், குறைக்க உதவாது. அதனால் இரண்டு மட்டைகளுக்கு நடுவில் தயங்கினால் லேசானதை எடுங்கள், அதன் பேலன்ஸ் கைப்பக்கம் இருந்தால். ஹெட் ஹெவி மட்டையைக் கைப்பிடியில் எடை வைத்துச் சரிசெய்வதும் நடக்காத காரியம். நண்பரின் பழைய 273 கிராம் மட்டையை 37-லிருந்து 33-க்குக் கொண்டுவரக் கணக்குப் போட்டோம். கைப்பிடிக்குள் 35 கிராம் திணிக்க வேண்டியிருந்தது. அது இப்போது அவருடைய மகள் தோழிகளோடு விளையாடும் மட்டை.

நரம்பைப் பற்றி இங்கே ஒன்றே ஒன்று. கடையில் கட்டிங் என்பார்கள். பாலியஸ்டர் நரம்பு போட்டுத் தரட்டுமா, சீக்கிரம் அறாது என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது விறைப்பானது. மேலே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எடையும் பேலன்ஸும் கொடுக்கும் நிம்மதியை அது பறித்துவிடும். மல்டிஃபிலமென்ட் வகையில், 100 சதுர அங்குலத் தலைக்கு 50 பவுண்டு இழுவிசையில் தொடங்கலாம்.

ஆடிப் பார்ப்பது எப்படி

கடைக்குள் நின்று காற்றில் நாலு வீச்சு வீசிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. காற்றில் எல்லா லேசான மட்டையும் நல்ல மட்டைதான். டெமோ மட்டை கொடுக்கிற கடையோ, மட்டையைக் கடன் கொடுக்கிற கிளப் நண்பரோ இருந்தால் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஆடுங்கள். முதல் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள், அது புது மட்டையின் உற்சாகம். கவனிக்க வேண்டியது கடைசிக் கால் மணி நேரம். அப்போது ஃபோர்ஹேண்ட் நினைத்த திசைக்குப் போகிறதா, பிந்துகிறதா என்று பாருங்கள். களைத்த பிறகு பத்து சர்வ் போடுங்கள், கை முழுதாக மேலே போகிறதா என்று பாருங்கள். வலையோரம் நின்று, எதிராளியை நேராக உடம்பைப் பார்த்து அடிக்கச் சொல்லி வாலி எடுங்கள். மட்டை கைக்குள் திரும்பினால் தலை சிறியது, அல்லது எடை பத்தவில்லை. முழு வீச்சு வீசியும் பந்துகள் வரிசையாக பேஸ்லைனைத் தாண்டினால் தலை பெரியது, அல்லது நரம்பு தளர்ந்திருக்கிறது.

பந்தையும் பாருங்கள். நம் கிளப்புகளில் மாதக்கணக்காக ஆடித் தேய்ந்து, முடி கொட்டி, அழுத்தினால் அமுங்கும் பந்தில்தான் பாதி ஆட்டம் நடக்கிறது. செத்த பந்தில் ஆடிப் பார்த்தால் எந்த மட்டையும் சக்தி பத்தாதது போலத் தோன்றும், உடனே பெரிய தலைக்கு மனம் தாவும். மட்டையைச் சோதிக்கிற அன்றைக்காவது ஒரு புது டப்பா பந்து உடையுங்கள்.

மறுநாள் காலையில் இன்னொரு சோதனை இருக்கிறது. உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை நீட்டி, கனமான புத்தகம் ஒன்றை மேலிருந்து கவ்வித் தூக்குங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பருகே சுள்ளென்றால் அந்த மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி.

முடிவாக ஒரு மாடலைத் தேர்ந்துவிட்டால் பலர் அதிலேயே இரண்டு வாங்குகிறார்கள். ஒன்றில் நரம்பு அறுந்தால் மற்றொன்று. நல்ல யோசனைதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரே மாடலின் இரண்டு மட்டைகளுக்குள் ஐந்தாறு கிராம் வித்தியாசமும், பேலன்ஸில் சில மில்லிமீட்டர் வித்தியாசமும் சாதாரணம். அச்சிட்ட எண்ணை நம்பி மூடிய உறையோடு வாங்கி வராதீர்கள். கடைக்குப் போகும்போது சமையலறைத் தராசைப் பையில் எடுத்துப் போங்கள். பேனாவும் டேப்பும் கடைக்காரரிடமே இருக்கும்.